மின்கல வெப்பநிலைக் குணகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வினைச் சமன்பாட்டை இரண்டால் பெருக்கினால் dE/dT-யும் இரண்டு மடங்காகுமா?

ஆகாது. மின்கலத்துக்கு நீங்கள் தாளில் என்ன எழுதினீர்கள் என்று தெரியாது. கலத்தின் மின்னழுத்தம் E அப்படியேதான் இருக்கும், அது டிகிரிக்கு எவ்வளவு மாறுகிறது என்ற dE/dT-யும் அப்படியே. வினையில் கைமாறும் எலக்ட்ரான் எண்ணிக்கை n இரட்டிப்பதால் கட்டிலா ஆற்றல் மாற்றம் ΔG, என்ட்ரோபி மாற்றம் ΔS, வெப்ப மாற்றம் ΔH மூன்றும் இரட்டிக்கும். எந்தச் சமன்பாட்டுக்கான என்ட்ரோபி என்று எழுதாமல் வெறும் எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள்.

வெள்ளி குளோரைடு மின்முனையையும் கலோமெல் மின்முனையையும் ஒரே KCl கரைசலில் வைத்து அளந்தேன். 25 டிகிரியில் 45.5 மில்லிவோல்ட். டிகிரிக்கு 0.338 மில்லிவோல்ட் ஏறுகிறது. ΔH −3.6 கிலோஜூல் வந்தது. புத்தகத்தில் +5.3 என்று இருக்கிறது. புத்தகம் தவறா?

புத்தகம் சரி, உங்கள் அளவீடும் அருமை. கணக்கில்தான் கோட்டை விட்டிருக்கிறீர்கள், அதுவும் நான் பல முறை எழுதிச் சலித்துப்போன இடத்தில். T-க்கு 25 போட்டிருக்கிறீர்கள்.

வினை Ag + ½Hg₂Cl₂ → AgCl + Hg, n = 1. முதலில் ΔG = −nFE, அதாவது சுமார் −4.4 கிலோஜூல். அடுத்து ΔS = nF(dE/dT). ஃபாரடே மாறிலி F, அதாவது 96,500-ஐ 0.000338-ஆல் பெருக்கினால் கெல்வினுக்கு சுமார் 32.6 ஜூல். இதுவரை செல்சியஸ், கெல்வின் எதுவானாலும் பாதகமில்லை. ஒரு டிகிரி ஏற்றம் இரண்டிலும் ஒன்றுதான். அங்கேதான் அசந்துவிடுகிறீர்கள். ΔH = ΔG + TΔS என்று வரும்போது T தனியாக நிற்கிறது. 298 போட்டால் TΔS 9.7 கிலோஜூல், ΔH +5.3. நீங்கள் 25 போட்டதால் TΔS வெறும் 0.8 ஆகி, ΔH −3.6-இல் போய் நின்றது. வெப்பம் உறிஞ்சும் வினையை வெப்பம் உமிழும் வினையாக மாற்றிவிட்டீர்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் புத்தகமே வேண்டாம். dE/dT நேர்க்குறியாக இருந்தால் TΔS-உம் நேர்க்குறி. இந்தக் கலத்தில் E மிகச் சிறியது, dE/dT என்ற சரிவோ பெரியது. அப்படியானால் TΔS-தான் மேலோங்கி நிற்க வேண்டும். 0.8 என்ற எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

ΔH நேர்க்குறி என்றால் அந்தக் கலம் எப்படித் தானாக இயங்குகிறது?

சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு இயங்குகிறது. மீளும் வகையில் மெதுவாக ஓடவிட்டால் 9.7 கிலோஜூல் வெப்பம் உள்ளே வரும், அதில் 4.4 மின்வேலையாக வெளியேறும், மீதி 5.3 விளைபொருள்களில் தங்கும். வினை தானாக நடக்குமா என்பதை ΔG தீர்மானிக்கிறது, ΔH அல்ல.

சாதாரண மல்டிமீட்டரில் 25, 35 டிகிரி என இரண்டு அளவு எடுத்தால் போதாதா?

எதற்குப் போதும் என்பது கலத்தைப் பொறுத்தது. மேலே சொன்ன கலம் பத்து டிகிரிக்கு 3.4 மில்லிவோல்ட்தான் நகரும். உங்கள் மீட்டர் 1 மில்லிவோல்ட் பிசகினால் சரிவில் டிகிரிக்கு 0.1 பிழை; n = 1 என்றால் ΔH-இல் ஏறத்தாழ 3 கிலோஜூல். 5.3-இல் 3 போனால் மிச்சம் என்ன? வெஸ்டன் கலத்திலோ E 1.018 வோல்ட், சரிவு டிகிரிக்கு −0.04 மில்லிவோல்ட். உங்கள் மீட்டருக்கு அந்த மாற்றம் கண்ணிலேயே படாது, ΔS கிடைக்காது. ஆனால் n = 2-க்கு ΔG −196 கிலோஜூல், TΔS வெறும் −2.3. அதனால் ΔH மட்டும் ஓரளவு தப்பிக்கும்.

0.01 மில்லிவோல்ட் காட்டும், உள்தடை அதிகமான மீட்டர் வாங்குங்கள். 15 முதல் 40 டிகிரிக்குள் ஐந்தாறு புள்ளிகள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் எண் நகர்வது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு அதே வழியில் குளிர்வித்துக்கொண்டே அளங்கள். ஏறிய கோடும் இறங்கிய கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால் கலம் சமநிலைக்கு வரவில்லை என்று அர்த்தம். கலோமெல் இதில் பெயர்போன சோம்பேறி.

ஒரு பீக்கரை மட்டும் வெந்நீரில் வைத்தேன்...

அது வேறு சோதனை. முழுக் கலமும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும்.

டேனியல் கலத்தை ஓடவிட்டால் சூடாகிறது. அந்தச் சூடுதான் TΔS-ஆ?

பெரும்பாலும் இல்லை. டேனியல் கலத்தில் ΔG சுமார் −212, ΔH சுமார் −219 கிலோஜூல். TΔS ஆறேழு கிலோஜூல்தான். வினையின் வெப்பம் முழுவதும் மின்சாரமாகிவிடும் என்று கெல்வின் பிரபு ஒரு காலத்தில் கருதியதற்கு இந்த நெருக்கமே துணைபோனது. பின்னர் கிப்ஸும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் அதைத் திருத்தினார்கள். நீங்கள் கையால் தொட்டு உணர்ந்ததில் பெரும்பகுதி கலத்தின் உள்தடையில் வீணான வெப்பம். மின்னோட்டத்தைக் குறைத்துப் பாருங்கள், அதுவும் குறையும்.