ராத்திரி மெசேஜுக்குக் காலையில் பதில்: மேனேஜரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். மேனேஜர் ராத்திரி பத்து மணிக்கும் வாட்ஸ்அப்பில் ஏதாவது கேட்கிறார். வேலையில் அக்கறை இல்லாதவன் என்று நினைக்காதபடி எப்படிச் சொல்வது?

பதில்: முதலில் இரண்டு வாரம் ராத்திரி வந்த மெசேஜ்களைத் திரும்பப் படியுங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: இன்று எத்தனை கிலோ இலை வந்தது, யாருக்குப் பணம் போச்சு, நாளைக்கு எந்த லோடு கிளம்புது. இவற்றில் பாதிக்குச் சாயங்காலமே பதில் உங்கள் கையில் இருந்திருக்கும். அதனால் கிளம்பும்முன் 5.45-க்கு நாலு வரி நீங்களே அனுப்பிவிடுங்கள்: இதுவரை வந்த இலை, இன்னும் வராத லாரி, போட்ட பணம், நாளைக் காலை முதல் வேலை. இருட்டிய பிறகு வரும் லாரியின் எடையை, எடை போடுபவரே குழுவில் போடட்டும். அந்த எண்ணுக்காக உங்களைக் கேட்க வேண்டியதே இல்லை.

இதை ஒரு வாரம் செய்த பிறகு பேசுங்கள். ராத்திரி மெசேஜுக்குப் பதிலாக அதை எழுதாதீர்கள், கோபம் போலத் தெரியும். காலை நேர அவசரம் அடங்கியதும் நேரில் சொல்லுங்கள்: “சார், ராத்திரி நீங்க அனுப்புறதுக்குக் காலையில எட்டேகாலுக்குள்ள பதில் போட்டுடுறேன். லோடு வழியில நின்னா மட்டும் மெசேஜ் வேண்டாம், போன் பண்ணுங்க. எத்தனை மணின்னாலும் எடுக்குறேன்.” ‘ஆறு மணிக்கு மேல் பார்க்க மாட்டேன்’ என்றால் அவர் காதில் மறுப்புதான் விழும். எட்டேகால் என்றால் அவருக்கு ஒரு உறுதி கிடைக்கிறது.

போனுக்கு விட்ட அந்த விதிவிலக்கு நிஜமாகவே அவசரமாக இருக்க வேண்டும். உதாரணமாக, தூள் ஏற்றிய லாரி மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பழுதாகி, மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றினால் இ-வே பில்லின் Part-B-யில் புது வண்டி எண்ணைப் பதிய வேண்டும். அது காலைக்குக் காத்திருக்காது. இலைக் கணக்கு காத்திருக்கும்.

போனிலும் அதற்கேற்ப வழி செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் Do Not Disturb போட்டு, Repeat callers-ஐ அனுமதித்தால் ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை வரும் அழைப்பு ஒலிக்கும். இதையும் அவரிடம் சொல்லுங்கள்: “எடுக்கலன்னா உடனே இன்னொரு தடவை அடிங்க சார்.” மழை நாளில் சிக்னல் போகிற வீடு என்றால் வீட்டிலுள்ள இன்னொருவரின் எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.

கெட்டுப்போகிற இடம் ஒன்றுதான். நாலு நாள் கழித்து, பாவம் கேட்கிறாரே என்று ராத்திரி 10.20-க்குச் சின்னதாக ஒரு பதில் போடுவீர்கள். அதன்பின் பதில் வராத ராத்திரிதான் குறையாகத் தெரியும். திறந்து பார்த்து நீல டிக் விழுந்தும் பேசாமல் இருப்பது அதைவிட மோசம், எனவே திறக்கவே வேண்டாம். காலை 8.15 ஒருநாளும் தவறக் கூடாது. “பார்க்கிறேன் சார்” என்பதும் பதில் ஆகாது, கேட்ட எண்ணோடு போடுங்கள்.

இலை மிகுந்து வரும் வாரங்களில் நீங்களே முன்வந்து, “இந்தப் பத்து நாள் ஒன்பது மணி வரை பார்க்குறேன் சார்” என்று முடியும் தேதியோடு சொல்லுங்கள். தேதி சொல்லாமல் விட்டால் அந்த ஒன்பது மணியே வழக்கமாகிவிடும்.