ரிங்டோன் தொடக்கத்தில் ‘டக்’ ஓசை

“ஒலி திருத்தும் மென்பொருளான Audacity-யில் பாட்டின் சரணத்தை மட்டும் வெட்டி 50 வினாடி ரிங்டோன் செய்தேன். தொடக்கத்தில் ‘டக்’ என்கிறது, முடிவு வருவதே இல்லை. கோத்தகிரியில் தோட்ட வேலையின்போது கேட்கவும் இல்லை.”

ஒலி அலை நடுக்கோட்டுக்கு மேலேயோ கீழேயோ இருக்கும் இடத்தில் வெட்டினால், ஒலிபெருக்கி ஒரே கணத்தில் அங்கே தாவுகிறது. அந்தத் தாவல்தான் ‘டக்’. தேர்ந்தெடுத்த பகுதியின் மீது Z விசையை அழுத்துங்கள். இரு விளிம்புகளும் அலை அந்த நடுக்கோட்டைக் கடக்கும் இடத்துக்கு நகரும். பிறகும் ஓசை கேட்டால், நன்றாகப் பெரிதாக்கி, முதல் 0.02 வினாடிக்கு மட்டும் Fade In கொடுங்கள். அதற்கு மேல் நீட்டினால் பாடகரின் முதல் எழுத்து மங்கிவிடும்.

பெரும்பாலும் அழைப்பு அரை நிமிடத்தில் நின்றுவிடும். ஆகவே 50 வினாடிப் பாட்டின் முடிவை நீங்கள் கேட்கவே போவதில்லை. சரணம் 1:42-இல் தொடங்கினால், 2:07-ஐ ஒட்டி ஒரு வரி முடியும் இடத்தில் நிறுத்துங்கள். கடைசி 3 வினாடிக்கு ஒலியை மெல்லத் தேய்க்கும் Studio Fade Out போதும். எடுக்காவிட்டால் பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். எனவே தேய்வை நீளமாக்கினால் நடுவில் அழைப்பு நின்றுவிட்டதுபோல் தோன்றும்.

கேட்காததற்குக் காரணம் பெரும்பாலும் மெல்லிய தொடக்கம். குன்னூரில் என் கைபேசி ஸ்வெட்டருக்குள்தான் கிடக்கும். புல்லாங்குழல் முன்னிசை வைத்த காலத்தில் பாதி அழைப்புகளைத் தவறவிட்டேன். சரணத்துக்கு முந்தைய இசையை விட்டுவிட்டு, குரல் எழும் இடத்திலேயே வெட்டுங்கள். சிறிய ஒலிபெருக்கியில் மத்தளத்தைவிடக் குரல்தான் துலக்கமாகக் கேட்கும்.