படத்தை நீக்கினால் முகம் மறையுமா?

கேள்வி: கே.எல்.லில் வேலை தேடுகிறேன். ரெசுமேயில் படமும் பெயரும் இல்லாவிட்டால், அழகு பார்த்து ஆள் எடுப்பது உண்மையிலேயே குறையுமா?

பதில்: முதல் சல்லடையில் குறையும், ஆனால் எல்லாருடைய படத்தையும் நிறுவனமே நீக்கினால்தான். நீங்கள் மட்டும் நீக்கினால் கதை வேறு.

இஸ்ரேலில் ரஃபிள், ஷ்டூடினர் என்ற ஆய்வாளர்கள் 5,312 கற்பனை ரெசுமேக்களை அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே படம் வைப்பது அவரவர் விருப்பம். அழகான ஆண்களுக்கு 19.9% அழைப்பு வந்தது, சாதாரண முகத்துக்கு 13.7%, படமே இல்லாதவர்களுக்கு 9.2%. மற்றவர்கள் படம் வைக்கும்போது ஒருவர் மட்டும் வைக்காவிட்டால், எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம் வருகிறது போலும். பெண்களுக்கு நேர்மாறு: படமில்லாதவர்களுக்கு 16.6%, அழகானவர்களுக்கு 12.8%தான். அழகு எப்போதும் கைகொடுக்கும் என்பதும் பொய்.

பெயரை ஏன் மறைக்க வேண்டும்? பெயர் தெரிந்தால் ஃபேஸ்புக்கில் முகம் கிடைத்துவிடும். கைப்பேசி எண்ணும் அப்படித்தான், எச்.ஆர். அதைச் சேமித்ததும் வாட்ஸ்அப் படம் வந்து நிற்கும். நம்ம ஊர் ஐ.சி. எண்ணோ பிறந்த தேதியையும், கடைசி இலக்கத்தால் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும். ஆகவே மேலாளர் கைக்குப் போகுமுன் குமாஸ்தா படம், பெயர், கைப்பேசி எண், ஐ.சி. எண் நான்கையும் மறைக்க வேண்டும்.

நேர்முகத்தில் முகம் திரும்ப வந்துவிடும். எல்லாரிடமும் ஒரே கேள்விகள் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே மதிப்பெண் எழுதினால்தான் அங்கே கொஞ்சமாவது பிடி கிடைக்கும்.