கட்டாயச் சேர்க்கை குறித்த குடும்பத்தின் புகாருக்கு நிதானமாகப் பதில் எழுதுவது

கேள்வி: "பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் நிர்வாகம் பார்க்கிறேன். தம்பியை அவருடைய விருப்பமில்லாமல் சேர்த்துவிட்டோம் என்று அண்ணன் ஒருவர் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறார். சண்டை வளராமலும் உண்மையை மறைக்காமலும் பதில் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?"

நெல்லை மாவட்டத்தில் மனநலச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இந்த மாதிரிக் கடிதங்களை வரைவு எழுதிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. நான் பார்த்த சிலவற்றைச் சேர்த்து, ஊரும் உறவும் மாற்றி, ஒரே வழக்காகச் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், வயது முப்பதுக்கு மேல். மாத்திரையை நிறுத்திவிட்டார். சோற்றில் யாரோ மருந்து வைக்கிறார்கள் என்று நம்பி, வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. கடைசியில் தண்ணீரும் குடிக்கவில்லை. மனைவி ஆம்புலன்ஸில் கூட்டிவந்து, 2ஆம் தேதி இரவு சேர்த்தார். தூத்துக்குடியில் இருக்கும் அண்ணனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவருடைய புகாரில் நான்கு விஷயம் இருந்தது: தம்பி யாரையும் அடிக்கவில்லை, பிறகு ஏன் கட்டாயப்படுத்தினீர்கள், மூத்தவன் என்னைக் கேட்காமல் தம்பி சம்சாரத்தின் கையெழுத்தை எப்படி வாங்கினீர்கள், நான் நேரில் வந்தும் பார்க்க விடவில்லை, இதெல்லாம் வயலை எழுதி வாங்கத்தான்.

பேனாவை எடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த அண்ணனிடம் நீங்கள் எவ்வளவு சொல்லலாம் என்பதை முடிவு செய்ய வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு, நோயாளியின் உடல்நலம், மனநலம், சிகிச்சை பற்றிய தகவல் ரகசியம் என்கிறது. சிகிச்சை விஷயத்தில் நோயாளிக்குத் துணையாக நிற்கும் நியமனப் பிரதிநிதிக்கு, அவருடைய பொறுப்பை நிறைவேற்றத் தேவையான அளவு சொல்லலாம். இங்கே நியமனப் பிரதிநிதி மனைவி. அண்ணன், ரத்த உறவாக இருந்தாலும், தகவல் விஷயத்தில் வெளியாள்தான். அதனால் கோப்பைப் புரட்டுவதற்கு முன் நோயாளியிடம் போங்கள். இந்த வழக்கில் அவர் ஓரளவு தெளிந்த பிறகு கேட்டோம். "அண்ணங்கிட்ட எதுக்குச் சேத்தாங்கன்னு சொல்லுங்க. மருந்து பேரு, நோய் பேரு மட்டும் வேண்டாம்" என்றார். அதை அவர் வாயில் வந்தபடியே எழுதி, அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கிக் கோப்பில் வைத்தோம். கடிதத்தின் எல்லை அதுதான். அவர் சம்மதிக்காமல் இருந்திருந்தால், மருத்துவமனை நடைமுறையைப் பற்றி மட்டும் பொதுவாக எழுதியிருப்போம்.

அப்புறம்தான் முதல் கேள்வி. "அடிக்கவில்லையே" என்பது நம் ஊரில் எல்லாரும் கேட்பது. அடித்தால்தான் ஆஸ்பத்திரி என்ற எண்ணம் அவ்வளவு ஊறியிருக்கிறது. விருப்பமில்லாமல் சேர்ப்பதற்கு அதே சட்டத்தின் 89ஆம் பிரிவு மூன்று நிலைமைகளைச் சொல்கிறது: தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது அல்லது அப்படி மிரட்டுவது, பிறரிடம் வன்முறையாக நடப்பது அல்லது அவர்களைப் பயப்பட வைப்பது, தனக்கே தீங்கு வரும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் போவது. இவற்றில் ஒன்று அண்மையில் நடந்திருந்தால் போதும். இவர் மூன்றாவது. ஆனால் அது மட்டும் போதாது. அவரால் அப்போது தானாக முடிவெடுக்க முடியவில்லை என்பதும், வேறு எளிய வழி எதுவும் ஒத்துவராது என்பதும் சேர்ந்து இருக்க வேண்டும். அதனால் பதிலில் "அவருக்கு நோய் முற்றிவிட்டது" என்று எழுதாதீர்கள். அன்று என்ன பார்த்தீர்கள், எந்த அளவுகோலில் முடிவு செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

இங்கே உங்கள் கோப்பு உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டப்படி இரண்டு பேர், ஒருவர் மனநல மருத்துவர், மற்றவர் இன்னொரு மனநல வல்லுநர் அல்லது மருத்துவர், தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். சேர்த்த அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ. இரண்டு குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே வாக்கியம் இரண்டிலும் இருந்தால், இரண்டாமவர் நோயாளியைப் பார்த்துத்தான் எழுதினாரா, முதல் குறிப்பைப் பார்த்து நகல் எடுத்தாரா என்ற சந்தேகம் யாருக்கும் வரும். "ஒத்துழைக்கவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் அது காரணமே ஆகாது. நம் வழக்கில் இரண்டாம் மருத்துவர், நாக்கு வறண்டிருந்ததையும், மூடி திறக்காத பாட்டில் தண்ணீரைக் கொடுத்தும் அவர் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்ததையும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரி, பத்து மருத்துவச் சொற்களைவிடப் பதிலுக்கு உதவியது.

கடிதத்தில் அந்தப் பகுதி இப்படிப் போனது:

"தங்கள் தம்பி யாரையும் தாக்கவில்லை என்று தாங்கள் எழுதியிருப்பது சரி. சேர்க்கைக்கு அது காரணமும் இல்லை. 2ஆம் தேதி இரவு இரண்டு மருத்துவர்கள் அவரைத் தனித்தனியே பார்த்தார்கள். உணவும் தண்ணீரும் எடுக்காத நிலையில், உயிருக்கு ஆபத்து வரும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாதவராக அவர் இருந்தார் என்றும், அன்று தம் சிகிச்சையைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் நிலையில் இல்லை என்றும் இருவரும் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த அளவு விவரம் அவருடைய சம்மதத்தோடு தங்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது."

பார்த்தீர்களா, முதல் வரியிலேயே அவர் சொன்னதில் சரியானதைச் சரி என்று ஒப்புக்கொண்டாயிற்று. அது நயம் காட்டுவதற்காக எழுதியது இல்லை, உண்மையும் அதுதான்.

இரண்டாவது, மனைவியின் கையெழுத்து. நோயாளி முன்கூட்டியே யாரையாவது நியமித்திருந்தால் அவர்தான் பிரதிநிதி. யாரையும் நியமிக்கவில்லை என்றால் 14ஆம் பிரிவு ஒரு வரிசை சொல்கிறது. அதில், தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்று நோயாளி முன்பே எழுதிவைக்கும் முன்னறிவுறுத்தலில் பெயர் சொல்லப்பட்டவருக்கு அடுத்து வருவது உறவினர். மனைவி, அண்ணன் இருவருமே அந்தச் சொல்லுக்குள் வருவார்கள். மூத்தவர் முதல் என்று சட்டம் சொல்லவில்லை. கூட வந்து, தினமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி விண்ணப்பித்தார். இதை எழுதும்போது அண்ணனின் மனம் புண்படாமல் இன்னொன்றும் சேர்க்கலாம்: தம்பிக்கு முடிவெடுக்கும் திறன் திரும்பியதும், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, தாம் விரும்பும் யாரையும் அவர் பிரதிநிதியாக நியமித்துக்கொள்ளலாம், அண்ணனையும் கூட. இந்தத் தகவலை மறைக்காதீர்கள். மனைவி அன்று இரவு வீட்டுச் சண்டைகளைப் பற்றி என்ன சொன்னார் என்பது மட்டும் ஒரு சொல்கூடக் கடிதத்துக்குள் வரக்கூடாது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு அவர்கள் எல்லாரும் ஒரே தெருவில் வாழப்போகிறவர்கள்.

மூன்றாவதில்தான் மருத்துவமனைக்குக் குறை இருந்தது. பார்வையாளர் நோட்டில் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்த பதிவு இருக்கிறது. "டாக்டர் அனுமதி இல்லை" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால், "உங்க அண்ணன் வந்திருக்கார், பார்க்கிறீங்களா?" என்று நோயாளியிடம் கேட்டதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. 26ஆம் பிரிவின்படி, பார்க்க வருபவரைச் சந்திப்பதும் மறுப்பதும், போனில் பேசுவதும் மறுப்பதும் நோயாளியின் உரிமை. மருத்துவமனை நேரக்கட்டுப்பாடு வைக்கலாம், அவ்வளவுதான். இந்த இடத்தில் பெரும்பாலான பதில்கள் வழுக்கும். "சிகிச்சை நலன் கருதி" என்று ஒரு மூடுதுணி போடுவார்கள். நாங்கள் இப்படி எழுதினோம்:

"தாங்கள் வந்த அன்று, தங்களைச் சந்திக்க விருப்பமா என்று தம்பியிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டதற்கான பதிவு இல்லை. இது எங்கள் பக்கத்துக் குறை, வருந்துகிறோம். இனி யாரைத் திருப்பி அனுப்பினாலும் நோயாளியின் பதிலை அவர் சொன்னபடியே நோட்டில் எழுத வேண்டும் என்று வார்டுக்கு உத்தரவிட்டிருக்கிறோம்."

"அப்படி நடந்திருந்தால் வருந்துகிறோம்" என்று எழுதவே எழுதாதீர்கள். நடந்தது. நோட்டில் இருக்கிறது.

வயல் விஷயத்துக்குச் சுருக்கமான பதில் போதும். ஆனால் தவிர்க்கக் கூடாது, ஏனென்றால் கோபத்துக்கு அடியில் இருக்கும் பயம் இதுதான். நியமனப் பிரதிநிதியின் பொறுப்பு சிகிச்சை சார்ந்தது. பட்டா, பத்திரம் எதையும் அது தொடாது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று முடிவு செய்வதாலேயே அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று ஆகிவிடாது. அதை உரிய நீதிமன்றம்தான் அறிவிக்க முடியும் என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. "அப்படி எந்தச் சான்றும் நாங்கள் யாருக்கும் வழங்கவில்லை" என்று ஒரு வரி. அது உண்மையா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

கடைசிப் பத்தியில், இந்தப் பதிலில் திருப்தி இல்லை என்றால் எங்கே போகலாம் என்று சொல்ல வேண்டும். சேர்க்கையை மறுஆய்வு செய்யச் சொல்லி மனநல மறுஆய்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமை நோயாளிக்கும் பிரதிநிதிக்கும், நோயாளி சம்மதித்தால் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கும்தான் உண்டு. வாரியம் ஏழு நாளில் முடிவு சொல்ல வேண்டும். அண்ணன் நேரடியாகப் போக முடியாது. "உங்களுக்கு உரிமை இல்லை" என்று அங்கேயே நிறுத்திவிடுவது சட்டப்படி சரியாக இருக்கலாம், நியாயமாக இராது. தம்பி தாமே எழுதித் தரலாம், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அவருக்கு இலவச உதவி கிடைக்கும், எழுத உட்காருவதற்கு நாங்கள் இடம் தருகிறோம் என்று சேர்த்தோம். தேதிகளையும் கொடுத்தோம்: வாரியத்துக்குச் சேர்க்கையைத் தெரிவித்தது 6ஆம் தேதி (ஆண்களுக்கு ஏழு நாள், பெண்களுக்கும் சிறார்களுக்கும் மூன்று நாள் கெடு), முடிவெடுக்கும் திறனை மறுபடி பார்த்தது 9, 16ஆம் தேதிகளில்; 16ஆம் தேதி திறன் திரும்பியதால் அவர் தம் விருப்பத்தில் தங்கும் நோயாளியாக மாற்றப்பட்டார். இந்தச் சேர்க்கையின் உச்ச வரம்பான முப்பது நாளுக்கு வெகு முன்பே. இந்தத் தேதிகளில் ஒன்று விடுபட்டிருந்தால், அதையும் நீங்களே எழுதிவிடுங்கள். வாரியம் கோப்பைக் கேட்டால் எப்படியும் தெரியும்.

புகார் வந்த அன்றே ஒரு போன் போடுங்கள். "உங்க கடிதம் வந்துச்சு அண்ணாச்சி. முழுசாப் படிச்சோம். எழுத்துல பதில் அனுப்புறோம்." அவ்வளவு போதும், போனில் வாதம் வேண்டாம். பதிலில் பொறுப்பு மருத்துவரே கையெழுத்திட வேண்டும். வக்கீல் நோட்டீஸ் மாதிரி லெட்டர்ஹெட்டில் அனுப்பினால் அடுத்தது அவர் பக்கத்து வக்கீல்தான் வருவார். போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அனுப்பும் முன், அண்ணனுக்கு என்னென்ன சொல்கிறோம் என்று நோயாளியிடம் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள்; மனைவியிடமும் கடிதம் போகிறது என்று சொல்லிவிடுங்கள்.