வார்டு மருந்து கேபினெட்: யார் நிரப்புகிறார்கள் என்று கேளுங்கள்

"எங்க ஹாஸ்பிட்டல்ல வார்டுக்கு வார்டு ஆட்டோமேட்டிக் மருந்து கேபினெட் வைக்கப் போறாங்களாம். மாத்திரையெல்லாம் ஒவ்வொண்ணா பாக்கெட் போட்டு வருமாம். நிஜமாவே இதனால மருந்துத் தப்பு குறையுமா, இல்ல சிஸ்டர்ஸ் தலையில இன்னொரு வேலையா?"

குறையும், ஒரு நிபந்தனையோடு. ஃபார்மசியில் பாக்கெட் போடும்போது, கேபினெட்டை நிரப்பும்போது, படுக்கையருகே கொடுக்கும்போது என்று மூன்று இடத்திலும் பார்கோடு ஸ்கேன் நடக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பழைய தப்புகளில் பாதி போய், இதுவரை இல்லாத தப்புகள் வந்து சேரும். டெமோ காட்ட வருபவர் டிராயர் தானாகத் திறப்பதைத்தான் காட்டுவார். நிரப்புவது யார் என்று கேட்டால் "அதை உங்க ஃபார்மசி பாத்துக்கும்" என்பார். "நீ மெஷினுக்கு எதிரியா" என்று கமெண்டில் கேட்க இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இல்லை. அரைகுறையாக வாங்கிப் போடுவதற்குத்தான் எதிரி.

நீங்கள் ஸ்டாஃப் நர்ஸ் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் பாக்கெட். இப்போது பெரும்பாலான வார்டுகளில் பத்து மாத்திரை ஸ்ட்ரிப்பைக் கத்தரியால் வெட்டித்தான் கொடுக்கிறோம். பெயர் அட்டையின் குறுக்கே ஓடும், எக்ஸ்பயரியும் பேட்ச் நம்பரும் ஒரு ஓரத்தில் இருக்கும். நாலு முறை வெட்டியபின் மிஞ்சும் துண்டில் பாதிப் பெயர்தான் தெரியும், எக்ஸ்பயரி எங்கோ போயிருக்கும். காலை ரவுண்டில் அந்த மாத்திரைகளைப் பிதுக்கி ஒரு சின்னக் கப்பில் போட்டுவிட்டால், கப்பில் இருப்பது எது என்று பிரித்தவருக்கு மட்டுமே தெரியும். வழியில் யாராவது கூப்பிட்டால் அதுவும் போச்சு.

யூனிட் டோஸ் பாக்கெட்டில் ஒரே ஒரு வேளை மருந்து இருக்கும். மேலே ஜெனரிக் பெயர், அளவு, பேட்ச், எக்ஸ்பயரி, பார்கோடு. நோயாளியின் கைப்பட்டையையும் பாக்கெட்டையும் ஸ்கேன் செய்தபின், அவர் முன்னாலேயே பிரிக்க வேண்டும். அதுவரை மருந்தின் பெயர் மருந்தோடேயே போகிறது. நோயாளி வேண்டாம் என்றால் பிரிக்காத பாக்கெட்டைத் திருப்பி அனுப்பலாம்.

ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் 2.5 மி.கி. எழுதுகிறார். வார்டில் இருப்பது 5 மி.கி. பாதியாக உடைத்துக் கொடுக்க வேண்டியது சிஸ்டர். இரவு ஷிப்டில் முப்பது நோயாளிக்கு நடுவே உடைக்க மறந்தால் இரட்டை டோஸ், நாலு நாள் தொடர்ந்தால் ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எகிறி ரத்தக்கசிவு. யூனிட் டோஸ் முறையில் ஃபார்மசியே உடைத்து, அரை மாத்திரையைப் பாக்கெட்டில் போட்டு "வார்ஃபரின் 2.5 மி.கி., அரை மாத்திரை" என்று லேபிள் ஒட்டி அனுப்பும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரை மாத்திரைப் பாக்கெட்டுக்குத் தனி பார்கோடு வேண்டும். முழு மாத்திரையின் பார்கோடையே அதற்கும் அச்சிட்டால் முழுசையும் அரையையும் சிஸ்டம் ஒன்றாகவே பார்க்கும், முழு மாத்திரைக்கும் பச்சை விளக்கு எரியும்.

பாக்கெட் போடும் இடத்திலும் தப்பு நடக்கும், அது பெரிய தப்பு. மெஷின் கேனிஸ்டரில் தவறான மாத்திரையைக் கொட்டினால் வெளியே வரும் முந்நூறு பாக்கெட்டிலும் லேபிள் ஒன்று, உள்ளே மருந்து வேறு. பார்கோடு லேபிளைத்தான் படிக்கும், பாக்கெட்டுக்குள் எட்டிப் பார்க்காது. படுக்கையருகே எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் "சரி" என்றே வரும். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரே மருந்து, அடுத்ததைத் தொடும் முன் மேஜையும் மெஷினும் காலி, உள்ளே போன எண்ணிக்கைக்கும் வெளியே வந்த எண்ணிக்கைக்கும் கணக்கு என்கிற விதிகள். பாக்கெட் போடாத இன்னொரு ஃபார்மசிஸ்ட் மாத்திரையின் நிறத்தையும் அதன்மேல் பொறித்திருப்பதையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

எக்ஸ்பயரியும் மாறும். அசல் டப்பாவை விட்டு வெளியே வந்த மாத்திரைக்குக் கம்பெனி போட்ட தேதி செல்லாது. அமெரிக்காவில் நெடுங்காலம் வழங்கிய கணக்கு: ஆறு மாதம், அல்லது மிச்ச ஆயுளில் நாலில் ஒரு பங்கு, எது குறைவோ அது. இன்னும் 12 மாதம் இருந்தால் பாக்கெட்டில் 3 மாதம்தான். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், ஈரம் பட்டால் கெடும் டாபிகாட்ரான் போன்றவற்றை அசல் டப்பாவை விட்டு எடுக்கவே கூடாது. புற்றுநோய்க்கும் கொடுக்கும் மீத்தோட்ரெக்சேட்டைப் பொது மெஷினில் ஓட்டினால் அதன் தூள் அடுத்த மருந்தில் ஒட்டும்.

நீங்கள் கேட்காத ஒரு ஆதங்கம், சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பாதி நம்ம ஊரில் தேவையே இல்லை, கம்பெனிக்காரர்கள் ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் பெயர், எக்ஸ்பயரி, கோடு அச்சிட்டால். 2023 ஆகஸ்ட் முதல் 300 பிராண்டுகளுக்கு க்யூஆர் கோடு கட்டாயம் என்று அரசு கொண்டு வந்தது. ஆனால் அது போலி மருந்தைப் பிடிக்க. அட்டைக்கு ஒன்று இருந்தால் போதும், அட்டையில் இடமில்லை என்றால் வெளிப்பெட்டியில் இருந்தாலும் போதும். வெட்டிய மாத்திரைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. இதில் பர்ச்சேஸ் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒரு பிராண்ட் மாற்றும். புதுக் கோடை சிஸ்டத்தில் ஏற்றும் முன்பே சரக்கு வார்டுக்குப் போய்விடும். ஸ்கேன் ஆகாது. கடைசியில் திட்டு வாங்குவது சிஸ்டரும் ஃபார்மசிஸ்ட்டும். ஃபார்மசிஸ்ட்டான எங்களை இன்னமும் "மெடிக்கல் ஷாப்காரர்" என்று நினைக்கும் நிர்வாகங்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

சரி, கேபினெட்டுக்கு வருகிறேன். நிரப்புவதில் வரும் ஆபத்துக்கு 2006 செப்டம்பரில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் மெதடிஸ்ட் மருத்துவமனையில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் ஐ.வி. லைன் அடைக்காமலிருக்க ஒரு மில்லிக்கு 10 யூனிட் ஹெப்பாரின் போடுவார்கள். பெரியவர்களுக்கான வயலில் ஒரு மில்லிக்கு 10,000 யூனிட். இரண்டும் சின்ன வயல்கள், லேபிளும் இரண்டிலும் நீலச் சாயல். ஃபார்மசி டெக்னீஷியன் 10,000 யூனிட் வயலை 10 யூனிட்டுக்கான அறையில் வைத்துவிட்டார். நர்ஸ்கள் திரையில் சரியான மருந்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், சரியான டிராயர்தான் திறந்தது. ஆறு குழந்தைகளுக்கு ஆயிரம் மடங்கு போனது, மூன்று குழந்தைகள் இறந்தன.

வார்டு பட்டியல் எழுதி ஃபார்மசியில் வாங்கும் பழைய இண்டென்ட் முறையில் ஒருவர் தப்பாக எடுத்தால் பெரும்பாலும் ஒரு நோயாளியோடு நிற்கும். கேபினெட்டில் ஒரு அறையைத் தப்பாக நிரப்பினால் அதைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் தப்பு கிடைக்கும். "மெஷின் திறந்துவிட்ட அறை" என்பதால் லேபிளைப் படிக்கும் பழக்கமும் தளர்ந்திருக்கும். நம்ம ஊரிலும் ஹெப்பாரின் 5 மில்லி வயல் மில்லிக்கு 1000 யூனிட்டாகவும் 5000 யூனிட்டாகவும் வருகிறது, கவனம்.

இதற்கு என்ன கேட்க வேண்டும் என்றால்: நிரப்புபவர் மருந்தை ஸ்கேன் செய்தால்தான் அந்த அறையின் மூடி திறக்க வேண்டும். அதிலும் ஒன்றை ஸ்கேன் செய்து கைநிறைய முப்பதைக் கொட்டும் பழக்கம் உண்டு. ஹெப்பாரின், இன்சுலின், தசை முடக்கும் மருந்துகளுக்காவது ஒவ்வொரு வயலும் ஸ்கேன் ஆக வேண்டும். மீந்த மருந்தை சிஸ்டர் எடுத்த அறையிலேயே திரும்ப வைக்கக் கூடாது. ஒருவழித் துளை கொண்ட ரிட்டர்ன் பெட்டியில் போட வேண்டும், ஃபார்மசி எடுத்துப் பார்த்துத்தான் மறுபடி நிரப்பும்.

அடுத்தது ஓவர்ரைடு. ஒழுங்கான அமைப்பில் சிஸ்டர் நோயாளியைத் தேர்ந்தெடுத்தால், ஃபார்மசிஸ்ட் சரிபார்த்த மருந்துகள் மட்டும் திரையில் வரும். கேபினெட்டின் உண்மையான பாதுகாப்பு இதுதான். அவசரத்துக்கு இதைத் தாண்டிப் போகும் வழிதான் ஓவர்ரைடு. 2017 டிசம்பரில் நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் மருத்துவமனையில், உடல் ஸ்கேன் எடுக்கப் போன நோயாளியின் பதற்றம் குறைய வெர்செட் என்கிற மிடசோலாம் கொடுக்கச் சொன்னார்கள். கேபினெட்டில் மருந்துகள் ஜெனரிக் பெயரில் இருந்தன. நர்ஸ் பிராண்ட் பெயரைத் தேடினார், வரவில்லை. ஓவர்ரைடுக்குப் போய் VE என்று இரண்டு எழுத்து அடித்து, முதலில் வந்ததை எடுத்தார். அது வெக்குரோனியம், மூச்சுத் தசையையே முடக்கும் மருந்து. ஸ்கேன் பிரிவில் பார்கோடு ரீடரும் இல்லை. நோயாளி இறந்தார், 2022-ல் நர்ஸுக்குத் தண்டனை ஆனது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் பெரிய கம்பெனிகளின் மென்பொருளில் ஐந்து எழுத்து அடித்தால்தான் தேடல் என்கிற வசதி வந்தது.

உங்கள் கேபினெட்டில் அதை முதல் நாளே போடச் சொல்லுங்கள். பிராண்ட் பெயர் அடித்தாலும் ஜெனரிக் வர வேண்டும். ஓவர்ரைடு பட்டியலில் அட்ரினலின், அட்ரோபின், நலாக்சோன், டெக்ஸ்ட்ரோஸ் மாதிரி நிமிடத்தில் உயிர் காப்பவை மட்டும் போதும். வெக்குரோனியம் மாதிரியானவை சாதாரண வார்டு கேபினெட்டில் இருக்கவே வேண்டாம். நேற்று எடுத்த ஒவ்வொரு ஓவர்ரைடுக்கும் டாக்டர் ஆர்டர் இருக்கிறதா என்று மறுநாள் காலை ஃபார்மசி ஒப்பிட வேண்டும்.

தப்பு நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணிக்கையைப் பாருங்கள். ஹைட்ராக்சிசின் அறையில் ஒன்று குறைகிறது, பக்கத்து ஹைட்ராலசின் அறையில் அதே ஷிப்டில் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்றால், ஹைட்ராலசின் தேர்ந்தெடுத்தவரின் கை பக்கத்து அறைக்குப் போயிருக்கிறது. யாரோ ஒரு நோயாளிக்கு பி.பி. மருந்துக்குப் பதில் அரிப்பு மருந்து போயிருக்கலாம். பல இடங்களில் "ஸ்டாக் வித்தியாசம்" என்று கணக்கை நேர் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். நேர் செய்யும் முன் கடைசியாக எடுத்தவர் பட்டியலைப் பார்த்தால் நோயாளியை அன்றே கண்டுபிடிக்கலாம். மூடியில்லாத திறந்த டிராயரில் ஒரே மாதிரிப் பெயர்களைப் பக்கத்தில் வைக்காமலிருந்தால் இந்த வேலையே குறையும்.

ஸ்கேனால் என்ன பலன் என்பதற்கு பாஸ்டன் பிரிகாம் மருத்துவமனையின் ஆய்வு 2010-ல் வந்தது. நேரம் தவறியதைக் கணக்கில் சேர்க்காமல், மருந்து கொடுப்பதில் தப்பு 11.5 சதவீதத்திலிருந்து 6.8-க்கு இறங்கியது. படுக்கையருகே ஸ்கேன் செய்ததால் கிடைத்த பலன் அது. வெறும் கேபினெட் மட்டும் வைத்து இதை எதிர்பார்க்காதீர்கள்.

வேலைப் பளு பற்றிக் கேட்டீர்கள். ஆரம்பத்தில் கூடும். காலை எட்டு மணி டோஸுக்கு முப்பது படுக்கைக்கு ஒரே கேபினெட் என்றால் வரிசை நிற்கும். வரிசை நின்றால் நாலு நோயாளிக்கு மருந்தை ஒரேயடியாக எடுத்து யூனிஃபார்ம் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். கைப்பட்டையின் நகல் ஸ்டிக்கரை நர்ஸிங் ஸ்டேஷனில் ஒட்டிவைத்து அங்கேயே ஸ்கேன் செய்வதும் நடக்கும். அப்புறம் எல்லாம் சரியாக நடந்ததாக சிஸ்டத்தில் பதிவாகும். அதனால் மீட்டிங்கில் விலையைப் பற்றிப் பேச்சு ஆரம்பிக்கும் முன், உங்கள் வார்டில் எட்டு மணிக்கு எத்தனை டோஸ் போகிறது என்று ஒரு வாரம் எண்ணி எழுதிக் கொண்டு போங்கள். எத்தனை கேபினெட், எங்கே வைப்பது, எத்தனை ஸ்கேனர் என்று அந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.