இறக்கத்தில் பிடித்துவிடலாம்

ஐயா, என் மகன் இரண்டாம் படிவம் படிக்கிறான். ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஊருக்குப் போய், அதே வழியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது, சராசரி வேகம் என்ன என்று கேள்வி. 50 என்று எழுதினான். 48தான் சரியாம். எனக்கும் 50தான் வருகிறது. இதற்குத் தனிச் சூத்திரம் உண்டா? ஆசிரியரிடம் போய்க் கேட்கவா, டியூஷனுக்கு அனுப்பவா?
ஒரு வாசகி, செந்தூல்

அன்புள்ள வாசகிக்கு,

டியூஷன் உங்கள் விருப்பம். ஆசிரியர் பாவம், அவரை விட்டுவிடுங்கள். சூத்திரம் உண்டு, ஆனால் தரமாட்டேன். தந்தால் பையன் அதை மனப்பாடம் செய்துவிட்டு மறுபடியும் யோசிக்காமல் இருப்பான்.

குழப்பம் 'பூராத்தா' என்ற மலாய்ச் சொல்லில் இருக்கிறது. மார்க்குக்கும் பூராத்தா, வேகத்துக்கும் லாஜு பூராத்தா. தமிழிலும் இரண்டுக்கும் சராசரிதான். அதனால் கண்ணை மூடிக்கொண்டு கூட்டி இரண்டால் வகுக்கிறோம். அந்தக் கார் 60இல் ஒரு மணி நேரமும் 40இல் ஒரு மணி நேரமும் ஓடியிருந்தால் 50 சரி. இங்கே சமமாக இருப்பது தூரம், நேரம் இல்லை. ஊர் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கட்டும். போக 2 மணி, வர 3 மணி. 240 கிலோமீட்டருக்கு 5 மணி, அதாவது 48. மெதுவான வேகத்தில் கார் அதிக நேரம் கிடக்கிறது, அதனால் அது விடையைத் தன் பக்கம் இழுக்கிறது. இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்காமல் 'எனக்கும் 50தான் வருகிறது' என்று எழுதலாமா, அம்மா?

சரி, கோபம் வேண்டாம். என் அப்பாவும் உங்கள் கட்சிதான். நாங்கள் ஆயர் ஈத்தாமில் இருந்தோம், பாட்டி வீடு மலைக்கு அந்தப் பக்கம் பாலேக் பூலாவில். அப்பாவின் கப்சாயில் பின்னால் நான். ஏற்றத்தில் வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு 20இல்தான் ஏறும். "இறக்கத்துல பிடிச்சிரலாம்டா" என்பார் ஒவ்வொரு முறையும்.

ஏற்றமும் இறக்கமும் ஆளுக்கு 6 கிலோமீட்டர் என்று வையுங்கள். சராசரியாக 40 வேண்டுமென்றால் 12 கிலோமீட்டரை 18 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 20இல் 6 கிலோமீட்டர் ஏறவே 18 நிமிடம் போய்விட்டது! உச்சியை எட்டும்போது கையில் ஒரு நிமிடமும் மிச்சமில்லை. கீழே 60இல் பறந்தாலும் 6 நிமிடம் ஆகும். மொத்தம் 24 நிமிடம், சராசரி 30. எந்த வேகத்தில் இறங்கினாலும் 40ஐத் தொட முடியாது.

அப்பாவுக்கு இது தெரியாது. வளைவுக்கு வளைவு பிரேக் கருகும் வாடையோடு இறங்குவோம். வாசலில் நிற்கும் பாட்டி, "இப்பதான் விடிஞ்சுதா ஒங்களுக்கு?" என்று கேட்டபடி டுரியானைப் பிளக்க உட்காருவாள்.