வருகைப் பாட்டில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: நாங்கள் தத்தெடுக்கும் நான்கு வயதுப் பெண் குழந்தை வீட்டுக்கு வந்து சில வாரங்கள் ஆகின்றன. நெருங்கிய உறவினர்கள் இருபது பேரை மட்டும் அழைத்து, வீட்டிலேயே அவளை வரவேற்க விரும்புகிறோம். அப்போது படிப்பதற்காக என் கணவரின் அண்ணன் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ‘வயிற்றில் சுமக்காத வரமே வருக, திக்கற்று நின்ற தேவதையே வருக, இருளில் இருந்த உனக்கு எங்கள் இல்லமே ஒளியாகும்’ என்று அது போகிறது. அன்போடு எழுதியதுதான். ஆனாலும் எனக்கு ஏதோ உறுத்துகிறது. எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: சகோதரி, உங்களுக்கு உறுத்துவதில் நியாயம் இருக்கிறது. அந்த மூன்று வரிகளையும் குழந்தையின் இடத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். முதல் வரி, இந்த வீட்டுக்கும் அவளுக்கும் இடையில் எது இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு அதன் பிறகுதான் அவளை அழைக்கிறது. இரண்டாவது வரி, அவளை இதுவரை குளிப்பாட்டி, ஊட்டி, காய்ச்சலில் விழித்திருந்து பார்த்துக்கொண்டவர்களை ஒரே சொல்லில் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. மூன்றாவது வரி, நான்கு வயதிலேயே அவள் தலையில் ஒரு நன்றிக்கடனை ஏற்றி வைக்கிறது. தத்தெடுத்ததை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சிறு வயதிலிருந்தே குழந்தையிடம் இயல்பாகப் பேசுவதுதான் நல்லது. ஆனால் அவள் எங்கிருந்து, எந்தச் சூழ்நிலையில் வந்தாள் என்பது அவளுடைய கதை; அதை இருபது பேர் முன்னிலையில் எதுகை மோனையோடு எடுத்துச் சொல்லும் உரிமை பெரியவர்களான நமக்கு இல்லை.

அப்படியானால் எதைப் பாடுவது என்பதற்கு நம் பிள்ளைத்தமிழ் மரபிலேயே வழி இருக்கிறது. அதன் பத்துப் பருவங்களில் ஆறாவது வருகைப் பருவம். பதின்மூன்றாம் மாதத்தில் தளர்நடை போடும் குழந்தையைத் தாயின் நிலையில் நின்று ‘வருக வருக’ என்று அழைப்பது அது. அழைப்பவரின் கண் முழுவதும் குழந்தை எடுத்து வைக்கும் அடுத்த அடியின் மேல்தான் இருக்கும். உங்கள் மகள் நடை பழகிய குழந்தைதான் என்றாலும், ஒரு புதிய வீட்டுக்குள் அவள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் தளர்நடைதான் என்பதால் இந்த அமைப்பு அவளுக்கும் பொருந்தும். விருத்தமும் சந்தமும் தேவையில்லை. ‘வா’ என்று முடியும் நாலு சீர் வரிகள் போதும்.

எதுகையைக் குழந்தையின் பெயரிலிருந்தே எடுங்கள். அவள் பெயரைப் பூங்கொடி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதலெழுத்து நெடில், அடுத்தது ‘ங்’ என்பதால் ஓங்கிய, தூங்கும், தாங்கும் ஆகிய சொற்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். பிறகு, வந்த நாள் முதல் அவள் எதைத் தொடுகிறாள், எதை விடமாட்டேன் என்கிறாள் என்று கவனித்துக் குறித்து வையுங்கள். உங்கள் கடிதத்தில் அந்த விவரங்கள் இல்லாததால், இப்படிப்பட்ட வீடுகளில் வழக்கமாகக் காண்பவற்றை வைத்து ஒரு மாதிரியை எழுதியிருக்கிறேன்.

பூங்கொடி, எங்கள் வீட்டுக்கு வா,
ஓங்கிய தென்னை நிழலுக்கு வா,
தூங்கும் பூனையை எழுப்பிட வா,
தாங்கும் ஊஞ்சல் இருக்குது வா.

மஞ்சள் துண்டைப் பிடித்தபடி வா,
கொஞ்சமும் பேச வேண்டாம், வா,
அஞ்சும் நேரம் அம்மாவிடம் வா,
நெஞ்சில் சாய்ந்து தூங்கிட வா.

அண்ணன் சைக்கிள் பின்னால் வா,
வெண்மணல் வீடு கட்டிட வா,
கண்ணா மூச்சி ஆடிட வா,
உண்ணும் தட்டில் உன்பெயர், வா.

மஞ்சள் துண்டை ஒரு காரணத்தோடுதான் வைத்தேன். இல்லங்களிலிருந்து வரும் குழந்தைகளில் பலர் ஒரு பழைய துணியையோ பொம்மையையோ கையை விட்டு இறக்கமாட்டார்கள். பழைய வாசனை அதில்தான் இருக்கும். அதைத் துவைக்கவோ மாற்றவோ அவசரப்படாமல் பாட்டுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டால், அவள் கொண்டுவந்ததற்கும் இந்த வீட்டில் இடம் உண்டு என்பது அவளுக்குப் புரியும். ‘பேச வேண்டாம்’ என்ற வரி உறவினர்களுக்கானது. ‘பேர் என்ன சொல்லு, ஒரு பாட்டுப் பாடு’ என்று சூழ்ந்துகொள்ளும் அத்தைகளையும் மாமாக்களையும் அது நாகரிகமாக நிறுத்தி வைக்கும். அவள் இன்னும் உங்களை ‘ஆன்ட்டி’ என்று அழைத்துக்கொண்டிருந்தால் ‘அம்மாவிடம்’ என்பதை ‘என்னிடம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வரும்போது வரட்டும்.

பாட்டில் சொன்ன ஒவ்வொன்றும் வீட்டில் உண்மையாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் சற்றுப் பிடிவாதக்காரி. ஊஞ்சல் இல்லையென்றால் அந்த வரி வேண்டாம். பாத்திரக் கடையில் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி அவள் பெயரை வெட்டிய பிறகுதான் கடைசி வரியைப் படிக்க வேண்டும். வெண்மணல் என்று படித்தால் அந்த வாரமே தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போக வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு உவமை விளங்காது. தட்டும் மணலும் விளங்கும். ‘இனி உன் கண்ணில் நீரே வராது’ போன்ற வரிகளை நான் தவிர்ப்பதும் இதனால்தான். அன்று இரவே அவள் அழக்கூடும்.

பன்னிரண்டு வரிகளை நிதானமாகப் படிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அவளால் அமர்ந்து கேட்க முடிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். மைக் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம் என்று விருந்தினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படிப்பவர் நிற்காமல், பாயில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்து படிக்கட்டும். விழாவுக்கு முன்பே சில இரவுகள் படுக்கையில் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தால், அன்று அது அவளுக்குத் தெரிந்த பாட்டாக இருக்கும். மூன்றாம் பகுதியை உங்கள் மகனிடம் கொடுங்கள். தன் சைக்கிளைப் பகிர்வதாக அவனே சொல்ல வேண்டும், அவனுக்குச் சம்மதமில்லை என்றால் வேறு ஒரு பொருளை அவனே தேர்ந்தெடுக்கட்டும். பாதியில் அவள் எழுந்து உள்ளே ஓடிவிட்டால் பின்னால் நீங்கள் மட்டும் போங்கள். மிச்சத்தைப் படிக்காமல் விட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பரிமாறச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். அந்த ஆணை வரும்வரை குழந்தை தத்துக்கு முந்தைய பராமரிப்பில்தான் உங்களிடம் இருக்கிறாள். ஆணை கையில் கிடைத்துவிட்டதா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. எப்படியானாலும் அவள் பெயர் வரும் இந்தப் பாட்டின் வீடியோவை வாட்ஸ்அப் குழுக்களிலோ முகநூலிலோ போட வேண்டாம் என்று வந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தாளில் கையால் எழுதி, தேதியிட்டு, அவளுடைய நினைவேட்டில் ஒட்டி வைத்தால் போதும்.

உங்கள் கணவரின் அண்ணனிடம் கவிதை சரியில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் அவளுக்குப் பெரியப்பா. ‘பெரியப்பா வீட்டில் அவளுக்கு என்ன காத்திருக்கிறது என்று நான்கு வரிகள் எழுதிக் கொடுங்கள், நீங்களே படியுங்கள்’ என்று கேளுங்கள். எழுதத் தெரிந்தவர்தானே; எதைப் பற்றி எழுதுவது என்று தெரிந்துவிட்டால் என்னைவிட நன்றாகவே எழுதிவிடுவார்.